தண்ணீரின்றி சூரிய மின்நிலையத்தைச் சுத்தம் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வறண்ட நிலங்களில் பெரிய சூரிய மின்நிலையங்களை நடத்துபவர்களும் புதிதாக அமைக்கத் திட்டமிடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். உலர் தூரிகையுடன் வரிசை வரிசையாக ஓடும் ரோபோக்களைப் பற்றியே பெரும்பாலும் பேசியிருக்கிறேன். பெரிய நிலையங்களில் இன்று உண்மையிலேயே வேலை செய்யும் தண்ணீரில்லா முறை அதுதான்.

தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே துடைத்தால் பேனல் சுத்தமாகுமா?

ஆகும். ஆனால் தூசு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புதிதாக விழுந்த உலர்ந்த தூசு கண்ணாடியின்மேல் தளர்வாகவே கிடக்கிறது. மென்மையான தூரிகை அதை எளிதாகத் தள்ளிவிடும். அதே தூசு ஈரம் பட்டு, காய்ந்து, மறுபடியும் ஈரம் பட்டால் கண்ணாடியோடு இறுகிவிடுகிறது. அதன்பின் உலர் தூரிகையால் அதை எடுக்க முடியாது.

எனவே இந்த ரோபோவைத் தண்ணீருக்கு மாற்றாகப் பார்க்காமல், தூசு ஒட்டுவதற்கு முன்பே அகற்றும் கருவியாகப் பாருங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தண்ணீரில் கழுவினால் அப்படி எவ்வளவுதான் செலவாகிவிடும்?

100 மெகாவாட் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 550 வாட் பேனல்கள் என்றால் ஏறத்தாழ 1.8 லட்சம் பேனல்கள் இருக்கும். சிக்கனமாகப் பேனலுக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் ஒருமுறை கழுவ 3.6 லட்சம் லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரிகளில் கொண்டுவந்தால் முப்பது நடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் ஆண்டுக்கு 26 முறை, அதாவது சுமார் 94 லட்சம் லிட்டர்.

எந்தத் தண்ணீரையும் ஊற்றிவிடவும் முடியாது. வறண்ட நிலங்களின் நிலத்தடி நீரில் பெரும்பாலும் உப்பு மிகுதி. அப்படியே தெளித்தால் ஆவியான பிறகு வெள்ளைப் படலம் நிற்கும், அதுவும் ஒளியைத் தடுக்கும். சுத்திகரித்து ஊற்றலாம் என்றால், சுத்திகரிப்பில் கழிவாகப் போகும் உப்புநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கழிவு மேலே சொன்ன 94 லட்சத்தில் அடங்கவில்லை.

ரோபோ என்றால் எப்படி இருக்கும்? யார் ஓட்டுவார்கள்?

பேனல் வரிசையின் அகலம் முழுவதையும் பிடிக்கும் நீண்ட சட்டம், அதில் சுழலும் தூரிகை, பேனல் விளிம்பின்மீது உருளும் சக்கரங்கள், ஒரு பேட்டரி, அதற்கு மின்னேற்ற ஒரு சிறிய சூரியத் தகடு. வரிசையின் ஓரத்தில் அதற்கு ஒரு நிறுத்துமேடை உண்டு. குறித்த நேரத்தில் கிளம்பி, மறுமுனைவரை சென்று திரும்பும். தூரிகை நைலான் இழைகளாகவோ மைக்ரோஃபைபர் துணிப் பட்டைகளாகவோ இருக்கும். சுழற்சியால் எழும் காற்றும் தூசைக் கீழ்ப்பக்கம் தள்ள உதவுகிறது. இஸ்ரேலின் தெற்கே உள்ள கெத்தூரா சன் நிலையம் இவ்வகை ரோபோக்களை முழு நிலையத்துக்கும் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒன்று.

நிலையாக வரிசையிலேயே தங்கும் ரோபோக்களை யாரும் ஓட்ட வேண்டியதில்லை. ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து நூற்றுக்கணக்கானவற்றைக் கவனிக்கலாம். இன்னொரு வகையை வரிசைக்கு வரிசை தூக்கிவைக்க வேண்டும். அது விலை குறைவு, ஆனால் ஆட்கள் தூக்கி இறக்கும்போது பேனல் விளிம்பில் இடித்துக் கண்ணாடி உடைவதுண்டு. அதைவிட முக்கியம், ஒரு ரோபோ பல வரிசைகளைப் பார்க்க வேண்டியிருப்பதால் ஒரே வரிசைக்கு அது மறுபடி வர நாள் பிடிக்கும். தூசு மிகுந்த பாலைநிலத்துக்கு அந்த இடைவெளி ஆகாது. காரணம் அடுத்த பதிலில்.

தினமும் ஓட்ட வேண்டுமா? வாரம் ஒருமுறை போதாதா?

முதலில் இழப்புக் கணக்கைப் பாருங்கள். தூசு மிகுந்த வறண்ட இடத்தில் நாளொன்றுக்கு அரை சதவீதம் உற்பத்தி குறைவது இயல்பே. பதினான்கு நாள் விட்டுக் கழுவினால் கடைசி நாளில் இழப்பு 7 சதவீதத்தைத் தொடும், சராசரியாக 3.5 சதவீதம். தினமும் தூசை நீக்கினால் அந்தச் சராசரி அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

வாரம் ஒருமுறை ஓட்டினால் இழப்பு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். தண்ணீரில் கழுவும்போது அது சரி. உலர் தூரிகைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஏழு நாள் கிடந்த தூசு ஏழு இரவுகளின் பனியைப் பார்த்திருக்கும். அதில் ஒரு பங்கு ஏற்கெனவே இறுகியிருக்கும், அதைத் தூரிகை விட்டுவிட்டுப் போகும். இடைவெளி கூடக்கூட ஒவ்வொரு ஓட்டத்தின் பயனும் குறைகிறது. பனியே இறங்காத பருவத்தில் மட்டும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடலாம்.

விடியற்காலையில் ஓட்டலாமா? அப்போதுதான் வெயில் வருவதற்குள் சுத்தமாக இருக்கும் என்கிறார்களே.

பெரும்பாலான இடங்களில் அதுதான் மிக மோசமான நேரம். தெளிந்த வானத்தின்கீழ் இரவு முழுவதும் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கிறது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடப் பேனல் சில டிகிரி குளிர்ந்துவிடும். காற்று 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனி படியும் வெப்பநிலை சுமார் 19 டிகிரி. காற்றைவிடப் பேனல் 6 டிகிரி குளிர்ந்தாலே கண்ணாடி நனைந்துவிடும். வானிலைக் கருவி 70 சதவீதம் காட்டுகிறதே, காற்று உலர்ந்துதானே இருக்கிறது என்று அதை நம்பி ரோபோவை அனுப்பினால், அது ஈரத் தூசைச் சேறாக்கி வரிசை முழுவதும் பூசிக்கொண்டே போகும். தூரிகையும் சேறாகும், மறுநாள் அந்தத் தூரிகையே அழுக்கைப் பரப்பும்.

ஏற்ற நேரம் சூரியன் மறைந்த பிறகு, பனி இறங்குவதற்கு முன். உற்பத்தி முடிந்துவிட்டதால் ரோபோவின் நிழலால் இழப்பில்லை. அன்று பகலில் விழுந்த தூசு இன்னும் உலர்ந்தே இருக்கிறது. எல்லாவற்றையும்விட, பனி இறங்கும்போது கண்ணாடியில் ஒட்டுவதற்குத் தூசே இருக்காது. சுத்தமான கண்ணாடியில் பனி படிந்து ஆவியானால் கெடுதல் இல்லை.

இந்த இடைவேளை சில இடங்களில் சில மணிநேரம்தான். 600 மீட்டர் வரிசையை நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில் கடக்க 50 நிமிடம், போய்வர 100 நிமிடம். அது அந்த இடைவேளைக்குள் முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே, பனி மிகுந்த பருவத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். காற்றின் ஈரப்பதத்தை மட்டும் வைத்து ரோபோவை நிறுத்தாமல், பேனலின் பின்புறம் ஓர் உணரி ஒட்டி, அதன் வெப்பநிலை பனிநிலையை நெருங்கும்போது நிறுத்தும்படி அமைப்பதே பாதுகாப்பு. செலவு சிறியது, இதை விட்டுவிடாதீர்கள்.

தினமும் தூரிகை ஓடினால் கண்ணாடி கீறிப் போகாதா?

நியாயமான அச்சம். தினம் போய்வரும் ரோபோ 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 18,000 முறை கண்ணாடியைத் தொடுகிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. அந்த மணற்துகளை அழுத்தி இழுத்தால் எதுவும் கீறும்.

ஆனால் முதலில் தேய்வது கண்ணாடி அல்ல, அதன்மேல் இருக்கும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. மீட்டரில் கோடியில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் தடிமன் கொண்ட, நுண்துளைகள் நிறைந்த சிலிக்காப் படலம் அது. 2 முதல் 3 சதவீதம் கூடுதல் ஒளியை உள்ளே விடுவது அதன் வேலை. ஆகவே மிக மோசமான நிலையிலும், பூச்சு முழுவதும் போனாலும், இழப்பு அந்த இரண்டு மூன்று சதவீதம்தான். அதுவும் நிரந்தர இழப்பு என்பதால் அலட்சியம் செய்யக் கூடாது.

ரோபோ விற்பவரிடம் ஆய்வறிக்கை கேளுங்கள். அறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: சோதனை உலர்நிலையில் நடந்ததா, தூசு போட்டு நடந்ததா, எத்தனை ஓட்டங்களுக்குப் பிறகு ஒளி ஊடுருவலை அளந்தார்கள். சுத்தமான கண்ணாடியில் சுத்தமான தூரிகையை ஓட்டிய அறிக்கையால் பயனில்லை. உங்கள் நிலத்து மணலையே அனுப்பிச் சோதிக்கச் சொல்வது இன்னும் நல்லது. பேனல் நிறுவனத்திடமிருந்து, அந்த ரோபோ மாதிரியையும் அந்தத் தூரிகையையும் பெயர் குறிப்பிட்டு, உத்தரவாதம் பாதிக்கப்படாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக 'ரோபோ சுத்திகரிப்புக்கு அனுமதி உண்டு' என்ற வரி போதாது. பின்னாளில் தூரிகையின் வகையை மாற்றினால் அந்தக் கடிதம் செல்லுமா என்ற கேள்வி எழும்.

நடைமுறையில் கீறலுக்குப் பெரிய காரணம் பழைய தூரிகை. இழைகள் தேய்ந்து குட்டையானதும், அழுத்தம் போதவில்லை என்று தூரிகையைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். மணல் சிக்கிய கட்டைத் தூரிகை அழுந்தத் தேய்க்கும் நிலை அப்படித்தான் வருகிறது. இறக்காதீர்கள், மாற்றுங்கள்.

புழுதிப் புயல் வந்தால்? லேசாகத் தூறினால்?

புயலின்போது ரோபோ நிறுத்துமேடையில் பூட்டப்பட்டு இருக்க வேண்டும். பெரும்பாலான ரோபோக்கள் காற்று வேகம் எல்லை தாண்டினால் தாமாகத் திரும்பிவிடும். புயல் ஓய்ந்த அன்று மாலையே ஓட்டுங்கள், ஒருமுறைக்கு இரண்டு மூன்று முறை. அன்றிரவு பனிக்கு முன் எடுத்துவிட்டால் பெரும்பங்கு போய்விடும்.

தூறல் புயலைவிடத் தொல்லை. பெருமழை கழுவிவிடும். ஆனால் சில துளிகள் மட்டும் விழுந்தால் தூசைக் குழைத்துப் புள்ளிப் புள்ளியாக ஒட்டவைத்துவிடும். முழுவதும் காயும்வரை ரோபோவை அனுப்பாதீர்கள். காய்ந்தபின் ஓட்டியும் புள்ளிகள் நின்றால், அவை பனியால் இறுகிய தூசைப் போன்றவைதான், தண்ணீர் வேண்டும்.

பறவை எச்சத்தை ரோபோ எடுக்குமா?

காய்ந்ததை எடுக்காது, ஈரமானதை இழுத்துப் பூசும். அந்தப் பேனல்களை மட்டும் ஆள் சென்று ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஒரு செல்லை மறைக்கும் எச்சம் அந்த இடத்தைச் சூடாக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கள் பேனல்கள் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் டிராக்கரில் இருக்கின்றன. அதில் முடியுமா?

முடியும். ரோபோ ஓடும்போது எல்லா டிராக்கர்களும் ஒரே கோணத்தில், பெரும்பாலும் கிடைமட்டமாக, நிற்க வேண்டும். அடுத்தடுத்த டிராக்கர்களுக்கு இடையே பாலம் வேண்டும். அந்தப் பாலம் இரு பக்கமும் வெவ்வேறு கோணத்தில் திரும்பினாலும் முறியாததாக இருக்க வேண்டும். ரோபோ மென்பொருளும் டிராக்கர் மென்பொருளும் பேசிக்கொள்ள வேண்டும். பலத்த காற்றுக்காக டிராக்கர் பாதுகாப்புக் கோணத்துக்குத் திரும்ப நேர்ந்தால் ரோபோ நடுவழியில் இருக்கக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: ஓட்டம் முடிந்ததும் டிராக்கரைக் கிடைமட்டமாகவே இரவு முழுக்க விட்டுவிடுவது. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பேனலில் தூசும் அதிகம் படியும், பனியும் அதிகம் இறங்கும். வேலை முடிந்தவுடன் இயன்றவரை சாய்வான கோணத்துக்குத் திருப்பிவிடுங்கள். இதற்குத் தனிச் செலவே இல்லை.

பழைய நிலையத்தில் பின்னால் பொருத்தலாமா? பாதி வழியில் ரோபோ நின்றுவிட்டால் என்ன ஆகும்?

பொருத்தலாம், ஆனால் முதலில் அளவை எடுங்கள். ரோபோவுக்காகக் கட்டப்படாத வரிசைகளில், பேனல்களைத் தாங்கும் ஒரு மேசைக்கும் அடுத்ததற்கும் உயரம் மாறும், சாய்வு மாறும், நடுவே இடைவெளி இருக்கும். ரோபோ தாங்கும் எல்லை எவ்வளவு என்று விற்பவர் சொல்வார். உங்கள் வரிசைகளில் எத்தனை இணைப்புகள் அதைத் தாண்டுகின்றன என்று நீங்கள்தான் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். மாதிரிக்குச் சில வரிசைகளை மட்டும் அளந்து ஒப்பந்தம் போடாதீர்கள். அடித்தளம் மண்ணில் அமிழ்வது ஒரே சீராக நடப்பதில்லை.

நின்றுவிட்ட ரோபோ விடிந்ததும் நிழலாகிவிடுகிறது. அதன்கீழுள்ள பேனல்கள் மட்டுமின்றி, அவை இணைந்திருக்கும் முழுத் தொடரின் மின்னோட்டமும் பாதிக்கப்படும். நிழல்பட்ட செல்கள் சூடாகும் ஆபத்தும் உண்டு. ஆகவே சூரிய உதயத்துக்கு முன் மேடைக்குத் திரும்பாத ரோபோக்களின் பட்டியல் தினமும் ஒருவர் கைக்கு வர வேண்டும், அவர் காலையிலேயே போய் நகர்த்த வேண்டும். ஒரே இணைப்பில் திரும்பத் திரும்ப நின்றால் பழுது ரோபோவில் இல்லை, மேசையில் இருக்கிறது.

ரோபோ தினமும் ஓடுகிறது, அறிக்கையில் நூறு சதவீதம் என்று வருகிறது. ஆனால் உற்பத்தி எதிர்பார்த்தபடி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

அறிக்கை சொல்வது ரோபோ எவ்வளவு தூரம் ஓடியது என்பதை. கண்ணாடி எவ்வளவு சுத்தம் என்பதை அது சொல்லாது. அதை நீங்களே அளக்கலாம். ஒரே இன்வெர்ட்டரில் அருகருகே உள்ள இரண்டு பேனல் தொடர்களைத் தேர்ந்தெடுங்கள். மேகமில்லாத நாளில் நண்பகலை ஒட்டி இரண்டின் மின்னோட்டத்தையும் குறித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு அழுக்கு என்பதால் விகிதம் ஒன்றை ஒட்டியிருக்கும். 0.998 வந்தது என்று வைப்போம். இப்போது முதலாவதை மட்டும் நல்ல தண்ணீரில் கையால் கழுவி, மறுநாள் அதே நேரத்தில் அளவிடுங்கள். 1.019 வந்தால், 0.998-ஐ 1.019-ஆல் வகுக்க 0.979. அதாவது ரோபோ விட்டுவைத்த அழுக்கால் 2.1 சதவீத இழப்பு இருக்கிறது.

அடுத்து, அந்த அழுக்கு எந்த வகை என்று பாருங்கள். கழுவாத தொடரில் உலர்ந்த வெள்ளைத் துணியால் ஓரிடத்தை லேசாகத் துடையுங்கள், பக்கத்து இடத்தை ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியிலேயே அழுக்கு வந்துவிட்டால் தூசு தளர்வாகத்தான் இருக்கிறது, தூரிகைதான் அங்கே சரியாகத் தொடவில்லை. ஈரத் துணியில் மட்டும் வந்தால் தூசு இறுகிவிட்டது. அப்போது தூரிகையைக் குறை சொல்லிப் பயனில்லை, ஓடும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

அழுக்கின் வடிவமும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ரோபோ செல்லும் திசையில் நீண்ட கோடுகள் என்றால் தூரிகையின் ஒரு பகுதி தேய்ந்திருக்கிறது. கீழ்விளிம்பில் மட்டும் பட்டை என்றால் சட்டத்தின் ஓரத்தைத் தூரிகை எட்டவில்லை. இந்தப் பட்டை பார்க்கச் சிறியது, ஆனால் கடைசி வரிசைச் செல்கள் அனைத்தையும் மறைப்பதால் அதன் பரப்பளவுக்கு மீறிய இழப்பைத் தரும். குறிப்பிட்ட சில மேசைகளில் மட்டும் அழுக்கு என்றால் மேலே சொன்ன உயர வேறுபாடு. எல்லா இடத்திலும் ஒரே சீரான மெல்லிய படலம் என்றால் பனி.

மின்புலத்தால் தூசை விரட்டும் முறை, தூசு ஒட்டாத பூச்சு என்றெல்லாம் வருகிறதே. அவற்றுக்குக் காத்திருக்கலாமா?

2022-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள், பேனலைத் தொடாமலே மின்னூட்டத்தால் தூசைத் தள்ளும் முறையை ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். துகள்கள் மின்னூட்டம் ஏற்க, காற்றில் ஏறத்தாழ 30 சதவீத ஈரப்பதமாவது வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தொடாமலே சுத்தம் செய்வதால் தேய்மானக் கவலை இல்லை என்பது பெரிய ஈர்ப்பு. ஆனால் ஏற்கெனவே இறுகிய தூசு வேறு சிக்கல். நீரை விலக்கும் பூச்சுகள் மழையோ கழுவலோ இருக்கும் இடத்தில் உதவும். மழையே இல்லாத இடத்தில் துளி உருண்டோடுவதற்குத் துளி வேண்டுமே. இன்று நிலையம் நடத்துபவர் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியானால் ரோபோ வந்துவிட்டால் தண்ணீர் லாரியை முழுவதும் நிறுத்திவிடலாமா?

பெரும்பாலான நிலையங்களில் முடியாது. 'முற்றிலும் தண்ணீரில்லை' என்று எழுதிக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முன்பு சொன்ன அரை சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். தினம் விழும் தூசில் 3 சதவீதம் மட்டும் இறுகி நிற்கிறது, மீதியை ரோபோ எடுத்துவிடுகிறது என்றால், நாளுக்கு 0.015 சதவீதம் சேர்கிறது. 120 நாளில் 1.8 சதவீத இழப்பு. அப்போது ஒருமுறை கழுவினால் போதும். ஆண்டுக்கு மூன்று கழுவல், 100 மெகாவாட்டுக்குச் சுமார் 10.8 லட்சம் லிட்டர். முன்பு 94 லட்சம் ஆனதோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு.

இதுவே நேரம் தவறி ஓட்டி, 10 சதவீதம் இறுகுகிறது என்று வையுங்கள். 40 நாளிலேயே 2 சதவீதத்தைத் தொட்டுவிடும், ஆண்டுக்கு ஒன்பது கழுவல் தேவைப்படும். அதே ரோபோ, அதே தூரிகை, தண்ணீர்ச் செலவு மட்டும் மும்மடங்கு. எனவே கழுவும் தேதியை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைக்காதீர்கள். மேலே சொன்ன இரு தொடர் சோதனையை மாதம் ஒருமுறை செய்து, இழப்பு 2 சதவீதத்தை எட்டும்போது மட்டும் லாரியை வரவழையுங்கள்.